கெட்டுப்போன ஒரு டிரம் மாங்காயும் மார்ச் 31 இருப்புக் கணக்கும்



போன மாதம் ஊறுகாய்க் கணக்கு ஒன்றைப் பார்த்துக் கொடுத்தேன் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அதென்ன கணக்கு டீச்சர் என்று நாலைந்து பேர் கேட்டுவிட்டீர்கள். சின்னதாக ஏதாவது தயாரித்து விற்கும் பிள்ளைகள் உங்களில் நிறைய பேர் இருப்பதால் விவரமாகவே எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். பொறுமையாகப் படியுங்கள்.

நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்து, சின்னப் பிள்ளைகளுக்குக் கூட்டல் கழித்தல் சொல்லிக்கொடுத்தவள். ஆனால் என் வீட்டுக்காரர் ஒரு ஆலையில் செலவுக் கணக்கு எழுதியவர். முப்பது வருடம் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு அவருடைய பேரேடுகளோடுதான் எங்கள் பேச்சு. ஓய்வு பெற்றபின் என் தங்கை மகளின் ஊறுகாய்த் தொழிலுக்கு நான்தான் கணக்கு எழுதுகிறேன். வருட முடிவில் ஆடிட்டர் பார்த்துக் கையெழுத்துப் போடுவார்.

தொழில் பெரியகுளம் பக்கம். தங்கை மகளும் அவளுடைய தோழியும் சரிபாதிக் கூட்டு. அந்தத் தோழியும் என்னிடம் நாலாம் வகுப்பு படித்தவள்தான். இந்த மார்ச் 31-ஆம் தேதியோடு அவள் கூட்டிலிருந்து விலகுவதாக முடிவானது. சண்டை ஒன்றும் இல்லை, கணவருக்கு வெளியூர் மாற்றல். விலகும்போது அந்த வருட லாபத்தில் பாதி அவளுக்குச் சேர வேண்டும். அந்த லாபம் எவ்வளவு என்பது, விற்காமல் அலமாரியில் நிற்கும் பாட்டில்களுக்கு என்ன மதிப்புப் போடுகிறோம் என்பதைப் பொறுத்தது. இறுதி இருப்பின் மதிப்பு ஏறினால் லாபம் ஏறும், குறைந்தால் குறையும். அதனால் போகிறவளுக்கு இருப்பு கூடுதலாக இருந்தால் நல்லது, இருக்கிறவளுக்குக் குறைவாக இருந்தால் நல்லது. இருவரும் நல்ல பெண்கள்தான். ஆனாலும் கணக்கு என்று வந்தால் அவரவர் பக்கம் சாய்வது மனித இயல்புதானே. இருவரிடமும் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். நிஜத் தொகை இதைப்போலப் பல மடங்கு. உங்களுக்குப் புரிவதற்காக ஒரே ஒரு கொள்முதலை எடுத்து, எண்களைச் சுருக்கிக் கொடுக்கிறேன்.

மே மாதத் தொடக்கத்தில் 1,100 கிலோ மாங்காய் வாங்கினார்கள். கிலோ 40 ரூபாய் வீதம் 44,000. மூட்டை பிரித்து அழுகல், அடிபட்டது எல்லாம் எடுத்துவிட்டு, வெட்டி, உள்பருப்பை நீக்கிய பிறகு 1,000 கிலோ துண்டு நின்றது. வெட்டுக்கூலி, உப்பு, மஞ்சள் எல்லாம் 6,000. ஒரு டிரம்முக்கு நூறு கிலோ வீதம் பத்து டிரம்மில் உப்புப் போட்டு மூடி வைத்தார்கள். அதற்கென்றே ஒரு அறை, மாத வாடகை 1,000. இரண்டு மாதம் ஊறியது, 2,000.

ஆக ஜூன் கடைசி வரை ஆன செலவு 52,000. பத்து டிரம். ஒரு டிரம் 5,200.

இதில் நூறு கிலோ அழுகலும் பருப்பும் போனதே, அதன் விலை எங்கே? தனியாக எங்கேயும் இல்லை. மிச்சமிருந்த ஆயிரம் கிலோவின் தலையில் ஏறிவிட்டது. அது சரிதான். எந்த மாங்காய் வியாபாரியிடம் வாங்கினாலும் மூட்டையில் கொஞ்சம் போகும், பருப்பை எடுக்காமல் ஊறுகாய் போட முடியாது. நல்ல துண்டு வேண்டும் என்றால் கொடுத்தே ஆக வேண்டிய விலை அது. இதைத்தான் இயல்பான இழப்பு என்கிறோம். நம் வீட்டில் ஒரு கிலோ முருங்கைக்கீரை வாங்கினால் காம்புக்கும் சேர்த்துத்தானே காசு கொடுக்கிறோம், அந்த மாதிரி.

ஜூன் நடுவில் ஒரு ராத்திரி நல்ல மழை. ஓடு ஒன்று விலகி, கீழே இருந்த டிரம்மின் மூடி வழியாகத் தண்ணீர் இறங்கியிருக்கிறது. யாரும் கவனிக்கவில்லை. மாதக் கடைசியில் மசாலா கலக்கத் திறந்தபோது மேலே கனமாகப் பூசணம், துண்டெல்லாம் கொழகொழவென்று, வாடை வேறு. உப்புநீர் நீர்த்துப்போனால் அப்படித்தான் ஆகும். மேலே லேசாக வெள்ளை படர்வது எப்போதாவது நடப்பதுதான், வழித்து எறிந்துவிட்டு உப்பைக் கூட்டினால் சரியாகிவிடும். இது அப்படி இல்லை. முழு டிரம்மையும் தென்னைமரத்துக் குழியில் கொட்ட வேண்டியதாயிற்று.

மிச்சம் ஒன்பது டிரம். நல்லெண்ணெய், மிளகாய்த்தூள், கடுகு, வெந்தயம், பாட்டில், மூடி, கலக்கி அடைத்த கூலி எல்லாம் சேர்த்து ஒரு டிரம்முக்கு 14,800 ஆனது. ஒன்பதுக்கும் 1,33,200. ஒரு டிரம்முக்கு அரைக்கிலோ பாட்டில் இருநூறு வீதம் மொத்தம் 1,800 பாட்டில். ஜூலை முதல் தேதி எல்லாம் தயார். தயாரான பாட்டில்களை வைக்க ரோட்டோரம் ஒரு கிடங்கு, மாதம் 1,500 வாடகை. மார்ச் வரை ஒன்பது மாதம், 13,500. மார்ச் 31 அன்று விற்காமல் நின்றவை 600 பாட்டில்.

இப்போது கேள்வி. அந்த 600 பாட்டிலின் அடக்கவிலை என்ன?

விலகப்போகும் பெண் ஒரு நோட்டில் அழகாகப் போட்டுக்கொண்டு வந்தாள். கையெழுத்து அப்படியே நாலாம் வகுப்பில் இருந்த மாதிரி குண்டு குண்டாக. ஊறவைத்தது வரை 52,000, மசாலா வகையில் 1,33,200, கிடங்கு வாடகை 13,500, மொத்தம் 1,98,700. இதை 1,800 பாட்டிலால் வகுத்தால் ஒன்று 110 ரூபாய் 39 காசு. அறுநூறுக்கு 66,233.

"நம்ம கையை விட்டுப் போன காசு எல்லாமே இந்த ஊறுகாய்க்காகப் போனதுதானே டீச்சர்? வேற எதுல சேக்கறது?" என்று கேட்டாள்.

நியாயமான கேள்விதான். இதற்குப் பதில் சொல்லத் தெரிந்தால் விஷயம் பாதி முடிந்தது.

இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனம் வெளியிட்ட கணக்கியல் தரங்களில் இரண்டாவது, ஏ.எஸ். 2, சரக்கிருப்பு மதிப்பீட்டுக்கானது. உலக அளவில் உள்ள ஐ.ஏ.எஸ். 2-உம் இந்த விஷயத்தில் இதையேதான் சொல்கிறது. பொருளை வாங்கிய விலை, அதை மாற்றிச் செய்த செலவு, அது இப்போது இருக்கும் இடத்துக்கும் நிலைக்கும் கொண்டுவர ஆன மற்ற செலவு, இவ்வளவுதான் இருப்பின் அடக்கம். சேர்க்கக் கூடாதவை என்று நாலு இனத்தையும் அது பெயர் சொல்லியே விலக்குகிறது. வழக்கத்துக்கு மீறி வீணான பொருளும் கூலியும், உற்பத்தியில் அடுத்த கட்டத்துக்குப் போகுமுன் தேவைப்பட்டால் ஒழிய, கிடங்குச் செலவு, பொருளை அந்த நிலைக்குக் கொண்டுவர உதவாத நிர்வாகச் செலவு, விற்பனைச் செலவு. நம் கதைக்கு முதல் இரண்டும் போதும்.

அவளிடம் நான் இப்படித்தான் சொன்னேன். அலமாரியில் நிற்கும் இந்தப் பாட்டிலைக் கையில் எடு. இதற்குள் என்ன இருக்கிறது? மாங்காய், உப்பு, எண்ணெய், வெட்டின கூலி, ஊறின நாள் எல்லாம் இருக்கிறது. மழை நனைத்த அந்த டிரம் இதற்குள் இருக்கிறதா? அது தென்னங்குழியில் இருக்கிறது. அந்த டிரம் கெடாமல் இருந்திருந்தாலும் இந்தப் பாட்டில் இதே பாட்டில்தான், இதே ருசிதான். அப்படியிருக்க அதன் விலையை இதன் மேல் எப்படி ஒட்டுவது?

அவள் விடவில்லை. "ஊறுகாய்த் தொழில்னா ஒண்ணு ரெண்டு டிரம் போறது சகஜம் டீச்சர். அழுகல் காய மட்டும் சேக்கறீங்க, இத மட்டும் ஏன் விடறீங்க?"

இந்த இடத்தில்தான் பழைய நோட்டு கைகொடுத்தது. ஒவ்வொரு கொள்முதலுக்கும் எத்தனை கிலோ வந்தது, எத்தனை கிலோ துண்டு நின்றது, எத்தனை டிரம் போட்டோம், எத்தனை திறந்தோம் என்று ஐந்து பருவமாக எழுதி வைத்திருக்கிறேன். கழிவு எல்லா வருடமும் நூற்றுக்கு எட்டிலிருந்து பத்துக்குள். இந்த வருடமும் 1,100-க்கு 100, அதாவது ஒன்பது சொச்சம். ஆனால் முழு டிரம் போனது ஐந்து வருடத்தில் ஒன்றுகூட இல்லை. சகஜமா இல்லையா என்பதை நம் மனக்கணக்கு சொல்லக் கூடாது, அந்த இடத்தில் அந்த வேலை வழக்கமாக எப்படி நடக்கிறது என்ற பதிவுதான் சொல்ல வேண்டும். ஒருவேளை நோட்டில் வருடா வருடம் பத்துக்கு ஒரு டிரம் போயிருந்தால், அவள் சொல்வதுதான் சரி. அப்போது 52,000-ஐ ஒன்பதால் வகுத்து, டிரம்முக்கு 5,778 என்றே போட்டிருப்பேன்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரு இழப்பு முழுக்க இயல்பு, அல்லது முழுக்க இயல்பு மீறியது என்று இருக்க வேண்டியதில்லை. வழக்கமாக நூற்றுக்குப் பத்து கழியும் இடத்தில் ஒரு வருடம் பதினைந்து கழிந்தால், பத்து வரைக்கும் அடக்கத்தில் சேரும், மேலே உள்ள ஐந்துதான் வெளியே போகும். கழிவு கூடின வருடத்தில் மொத்தக் கழிவையும் நட்டத்தில் தள்ளுகிறவர்கள் உண்டு. அதுவும் பிசகுதான், இருப்பு உள்ளதைவிடக் குறைந்துவிடும்.

சரி, போன டிரம்மின் மதிப்பு என்ன? நூறு கிலோ மாங்காய், நாற்பது ரூபாய், ஆக நாலாயிரம் என்று இருவருமே சொன்னார்கள். இல்லை. மூட்டையில் வந்த காய்க்குத்தான் கிலோ நாற்பது. துண்டாகி நின்ற ஒவ்வொரு கிலோவும் தன் பங்குக்குக் கழிவையும், வெட்டுக்கூலியையும், உப்பையும், இரண்டு மாத அறை வாடகையையும் சுமந்துவிட்டது. கெட்டுப்போன அன்று அந்த டிரம் நல்ல டிரம்மாக இருந்திருந்தால் என்ன அடக்கமோ, அதுதான் இழப்பு. 5,200. நாலாயிரத்தை மட்டும் எடுத்தால் மிச்சம் 1,200 சத்தமில்லாமல் மற்ற ஒன்பது டிரம்மின் தலையில் ஏறிக்கொள்ளும். செலவுக் கணக்கில் புதிதாக வருபவர்கள் அடிக்கடி சறுக்கும் இடம் இது என்று என் வீட்டுக்காரர் சொல்வார்.

எழுதும் முறையும் எளிது. இயல்பு மீறிய இழப்புக் கணக்கில் 5,200 பற்று, உற்பத்திக் கணக்கில் 5,200 வரவு. பிறகு அந்த இழப்பு நேராக அந்த வருட இலாப நட்டக் கணக்குக்குப் போகும். ஓடு வேய்ந்த கட்டடத்துக்குக் காப்பீடு இருந்து பணம் கிடைத்திருந்தால் அதுவும் அங்கேதான் வரும். அவர்களுக்கு இல்லை. (இப்போது எடுத்திருக்கிறார்கள்.)

அடுத்தது வாடகை. இங்கே என் தங்கை மகள் முந்திக்கொண்டாள். கிடங்கு வாடகை சேராது என்று நான் சொன்னதும் அவளுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. "அப்ப வாடகைன்னா எல்லாமே வெளியதானே பெரியம்மா? ஊற வச்ச அறை வாடகை ரெண்டாயிரத்தையும் எடுத்துருங்க" என்றாள். எடுத்தால் பாட்டிலுக்கு ஒரு ரூபாய் குறையும், இருப்பு 600 ரூபாய் இறங்கும், அவளுக்கு லாபம்.

எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டேன். இரண்டும் வாடகைதான், இரண்டிலும் பொருள் சும்மா இருப்பது மாதிரிதான் தெரியும். ஆனால் டிரம்முக்குள் மாங்காய் சும்மா இருக்கவில்லை. உப்பு ஏறுகிறது, தண்ணீர் விடுகிறது, துண்டு பதமாகிறது. அந்த இரண்டு மாதம் கழியாமல் மசாலா கலக்க முடியாது. அந்த அறைதான் அந்த இரண்டு மாதமும் பட்டறை. "அடுத்த கட்டத்துக்குப் போகுமுன் தேவைப்பட்டால் ஒழிய" என்று தரத்தில் இருக்கும் விலக்கு இதற்காகத்தான். நாற்காலி செய்கிறவர் மரத்தை அறுத்துக் காய வைக்கும் கொட்டகையும் இதே வகை.

ரோட்டோரக் கிடங்கில் நிற்கும் பாட்டில் அப்படி இல்லை. ஜூலை முதல் தேதியே அது விற்பனைக்குத் தயார். அன்றே கடைக்காரர் எடுத்திருந்தால் கிடங்கே வேண்டியதில்லை. ஒன்பது மாதம் நின்றதால் ஊறுகாய் மேலும் ஊறுகாய் ஆகிவிடவில்லை. ஆர்டர் வராததால் ஆன செலவு அது, அந்தந்த மாதத்துச் செலவு. இதை அடக்கத்தில் சேர்த்தால் ஒரு வேடிக்கை நடக்கும். எவ்வளவு நாள் விற்காமல் தேங்குகிறதோ அவ்வளவுக்கு அந்தச் சரக்கின் மதிப்பு ஏட்டில் ஏறிக்கொண்டே போகும். தேங்கின சரக்கு விலை உயர்ந்த சரக்கு என்று எந்த ஊர் வியாபாரி ஒப்புக்கொள்வார்?

மிளகாய் பற்றிக் கேட்டார்கள். அறுவடைக் காலத்தில் விலை இறங்கும்போது வற்றல் வாங்கிக் குளிர்பதனக் கிடங்கில் போட்டு, ஜூலையில் எடுத்து அரைக்கிறார்கள். அந்த வாடகை? அரைப்பதற்கு நாலு மாதம் குளிரில் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் மிளகாய்க்கு இல்லை. விலை குறைவு என்று வாங்கி அடுக்கினோம், அவ்வளவுதான். நல்ல வியாபார புத்தி, ஆனால் வாடகை அடக்கத்தில் சேராது. மூட்டையைச் சந்தையிலிருந்து கொண்டுவந்த வண்டிக்கூலி சேரும்.

ஒரே கட்டடத்தில் ஒரு பக்கம் டிரம், மறுபக்கம் தயாரான பாட்டில் என்று வைத்திருப்பவர்கள், எவ்வளவு இடம் எத்தனை மாதம் எதற்குப் போனது என்று பார்த்து வாடகையைப் பிரிக்க வேண்டும். பிரிக்க ஒரு ஆதாரம் வேண்டும், அடிக்கணக்கில் அளந்து எழுதி வைத்தால் போதும். கண்ணால் பார்த்துப் பாதிப்பாதி என்று போட்டால் ஆடிட்டர் கேட்பார்.

இப்போது சரியான கணக்கு. நல்ல ஒன்பது டிரம், 5,200 வீதம் 46,800. மசாலா முதலியன 1,33,200. கூட்டினால் 1,80,000. இதை 1,800 பாட்டிலால் வகுத்தால், பாட்டில் சரியாக நூறு ரூபாய். (எண்களை அப்படி அமைத்தது நான்தான், வாத்தியார் புத்தி போகுமா!) மார்ச் 31 இருப்பு 600 பாட்டில், 60,000.

அவள் போட்டது 66,233. வித்தியாசம் 6,233 எங்கிருந்து வந்தது? வெளியே நிற்க வேண்டிய 5,200-உம் 13,500-உம் சேர்ந்து 18,700. பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு விற்காமல் இருந்ததால், இந்தச் செலவிலும் மூன்றில் ஒரு பங்கு இருப்புக்குள் ஒளிந்து அடுத்த வருடத்துக்குப் போயிருக்கும். இந்த வருட லாபம் அந்த அளவுக்கு ஊதிக் காட்டியிருக்கும். அதில் பாதி, மூவாயிரத்துச் சொச்சம், விலகுகிறவள் கைக்குப் போயிருக்கும். ஏப்ரலுக்குப் பிறகு அந்தப் பாட்டில்களை விற்கும்போது மழை நட்டத்தின் மிச்சமும் கிடங்கு வாடகையின் மிச்சமும் தங்கை மகள் ஒருத்தி கணக்கில் மட்டும் விடிந்திருக்கும். மழை பெய்த அன்று கூட்டில் இருவரும்தான் இருந்தார்கள்.

"ரெண்டு வருஷத்தயும் சேத்துப் பாத்தா மொத்த லாபம் ஒண்ணுதானே டீச்சர், எந்த வருஷத்துல போட்டா என்ன?" என்று அவள் கேட்டாள். மொத்தம் ஒன்றுதான், அதில் சந்தேகமே இல்லை. இரண்டு வருடமும் அதே இரண்டு பேர் அதே பங்கில் இருந்தால் நானும் இவ்வளவு பேசியிருக்க மாட்டேன். இரண்டாவது வருடம் அவள் கூட்டில் இல்லையே. அதைச் சொன்னதும் நோட்டை வாங்கி, 66,233-ஐ அடித்துவிட்டு 60,000 என்று அவளே எழுதினாள்.

அடக்கவிலையா, விற்றால் கையில் நிற்கும் விலையா, எது குறைவோ அதைப் போடு என்று ஒரு விதி உண்டல்லவா, அது இந்தத் தவறைப் பிடித்துவிடாதா என்று மகள் வழிப் பேரன் கேட்டான். பி.காம். படிக்கிறான், நல்ல கேள்வி. இங்கே பிடிக்காது. பாட்டில் கடைக்கு 140 ரூபாய்க்குப் போகிறது. கமிஷன், வண்டிச் செலவு எல்லாம் பத்து ரூபாய் போனாலும் 130 நிற்கும். அடக்கம் 100 என்று போட்டாலும் 110 என்று போட்டாலும் இரண்டும் 130-க்குக் கீழேதான். லாபம் தாராளமாக உள்ள பொருளில் அந்த விதி எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். இந்தத் தவறைக் கண்டுபிடிக்க வேறு வழி பார்க்க வேண்டும். ஒரு பாட்டிலின் அடக்கத்தைப் போன வருடத்தோடு ஒப்பிடுங்கள். மாங்காய், எண்ணெய், கூலி எதுவும் பெரிதாக ஏறாமல் அடக்கம் மட்டும் பத்து ரூபாய் ஏறியிருந்தால், சேரக் கூடாத ஏதோ உள்ளே புகுந்திருக்கிறது என்று பொருள்.

இந்தப் பருவம் முதல் எங்கள் நோட்டில் ஒரு கட்டம் கூடியிருக்கிறது. ஒவ்வொரு டிரம்முக்கும் ஒரு எண், உப்புப் போட்ட தேதி, திறந்து பார்த்த தேதிகள், கெட்டால் என்றைக்கு, எதனால், எத்தனை கிலோ என்று அன்றன்றே எழுதி, பார்த்தவர் கையெழுத்துப் போட வேண்டும். கெட்டதைக் கொட்டுமுன் எடை போட்டு ஒரு போட்டோ. ஓட்டையும் மாற்றியாயிற்று. இந்த மாதிரிக் கட்டம் போட்ட தாள் யாருக்காவது வேண்டுமென்றால் கேளுங்கள், பேரனிடம் சொல்லி அனுப்பச் சொல்கிறேன்.